சதுரப் பிரமிடின் சாய்கோணம்: மூலையைப் பிடித்தால் விடை போச்சு

சதுர அடி கொண்ட பிரமிட் கணக்கைத் திருத்தும்போது நான் முதலில் கடைசி வரியைப் பார்ப்பதில்லை. படத்தில் கோணத்தை எந்தப் புள்ளியில் குறித்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். அது தப்பாக இருந்தால் மற்றதைப் படிக்கவே வேண்டாம். கால்குலேட்டர் ரேடியனில் கிடப்பது, வர்க்கமூலம் போட மறப்பது எல்லாம் சீக்கிரமே கண்ணில் பட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூலையில் கோணம் வைப்பது

ஒவ்வொரு முறையும் எரிச்சல் வரவைப்பது இதுதான். ஒரு கணக்கோடு பார்ப்போம். அடி ABCD, பக்கம் 10 செ.மீ. உச்சி V. பக்கவாட்டு விளிம்புகள் நான்கும் 13 செ.மீ. அடியின் மையம் O, உச்சி அதற்கு நேர் மேலே இருக்கிறது. VBC என்ற முகம் அடியோடு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது?

பலரும் B-யில் கோணம் போடுவார்கள். OB மூலைவிட்டத்தில் பாதி, அதாவது 5√2, ஏறக்குறைய 7.07. அதை 13-ஆல் வகுத்தால் கொசைன் 0.5439, கோணம் 57.05°. கணக்கில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் கிடைத்தது VB என்ற விளிம்பின் சாய்வு. கேட்டது முகத்தின் சாய்வு.

"மூலையும் முகத்துலதானே சார் இருக்கு, அங்க அளந்தா என்ன?" என்று ஒரு பையன் விடாமல் வாதாடினான். நியாயமான கேள்விதான். B-யிலும் அளக்கலாம், தடையே இல்லை. ஆனால் இரண்டு தளங்களும் சந்திக்கும் கோடு BC. அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக முகத்தில் ஒரு கோடு, அடியில் ஒரு கோடு வரைந்து, அவற்றுக்கு இடையே அளந்தால்தான் அது தளங்களின் கோணம். VB கோடு BC-க்குச் செங்குத்து இல்லை, OB-யும் இல்லை. குறுக்காக ஏறும் பாதை எப்போதும் சாய்வு குறைந்ததாகத்தான் தெரியும். கூரையில் விழும் மழைநீர் மூலையை நோக்கியா ஓடுகிறது? நேரே கீழ்விளிம்பை நோக்கித்தான் ஓடும். முகத்தின் சாய்வு அந்தத் திசையில்தான் இருக்கிறது.

ஆகவே BC-யின் நடுப்புள்ளி M-ஐப் பிடிக்க வேண்டும். VB = VC என்பதால் VM கோடு BC-க்குச் செங்குத்து. OM பக்கம் AB-க்கு இணை, அதனால் அதுவும் செங்குத்து. தேடும் கோணம் VMO.

OM = 5. VBM செங்கோண முக்கோணத்தில் VM² = 13² − 5² = 144, ஆக VM = 12.

cos θ = 5/12, θ = 65.38°.

மூலைக்காரர்கள் எட்டு பாகைக்கு மேல் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

13-ஐயும் 5-ஐயும் ஜோடி சேர்ப்பது

M-ஐச் சரியாகப் பிடித்தவர்களும் இங்கே வழுக்குவார்கள். பாதிப் பக்கம் 5, சாய்ந்த நீளம் 13, எனவே கொசைன் 5/13, கோணம் 67.38° என்று முடிப்பார்கள். அது VBM கோணம். முகத்தின் உள்ளேயே கிடக்கும் கோணம், அடித்தளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விடையைச் சோதிக்க இந்த மூன்றையும் வரிசையில் வையுங்கள்: 57.05°, 65.38°, 67.38°. நேர்ப் பிரமிடில் முகத்தின் சாய்வு எப்போதும் நடுவில்தான் வரும். இன்னொரு சோதனையும் உண்டு. முகச்சாய்வின் டேன், விளிம்புச்சாய்வின் டேனைப் போல √2 மடங்கு. இங்கே VO = √119. அதை 5-ஆல் வகுத்தால் 2.18, 7.07-ஆல் வகுத்தால் 1.54. 1.54-ஐ √2-ஆல் பெருக்கினால் 2.18 வந்துவிடும்.

பக்கத்தைப் பாதியாக்காமல் விடுவது

எகிப்தில் கி.மு. 1550 வாக்கில் படியெடுக்கப்பட்ட ரைண்ட் பாப்பிரஸின் 56-ஆம் கணக்கு இதேதான். அடி 360 முழம், உயரம் 250 முழம், சாய்வு என்ன? அதில் முதல் வேலையே 360-ஐப் பாதியாக்கி 180 எடுப்பது. இன்றைய வழக்கில் tan θ = 250/180, கோணம் சுமார் 54.2°. பாதியாக்காமல் போட்டால் 35° கூட வராது.

உயரமா, சாயுயரமா

VO கொடுத்தால் டேன், VM கொடுத்தால் கொசைன்.

நடுவில் தசமமாக்குவது

√119-ஐ கடைசி வரி வரை √119 ஆகவே வைத்திருங்கள்.

உச்சி மையத்துக்கு மேலே இல்லாதபோதும் இதே வழியில் போவது

செல்லாது. உச்சியிலிருந்து அடிக்கு இறக்கும் செங்குத்தின் பாதத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ள தூரத்தைத் தனித்தனியே எடுக்க வேண்டும். முகத்துக்கு முகம் கோணம் மாறலாம்.