கவுண்டர் ஆஃபரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் காலம் 90 நாள். வேறிடத்து ஆஃபர் லெட்டரைப் பெற்று ராஜினாமா அனுப்பிய ஒருவர், அந்த மூன்று மாதமும் பழைய மேனேஜருக்கு எதிரிலேயே உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அவரைத் தக்கவைக்கப் பழைய நிறுவனம் கூடுதல் சம்பளம் தருவதாகச் சொல்லும் கவுண்டர் ஆஃபர் இந்த இடைவெளியில்தான் வருகிறது. பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணாக, வாய்மொழியாக வருகிறது. அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்காமல் ஒப்பிடுவதே முதல் தவறு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இப்போது ஒருவருக்கு ஆண்டுக்கு 12 லட்சம் நிலையான சம்பளம். வெளியிலிருந்து வந்திருப்பது 18 லட்சம், அதில் 16.2 நிலையானது, 1.8 செயல்திறனைப் பொறுத்து மாறும் வேரியபிள். பழைய நிறுவனம் "17.5 தருகிறோம், இருந்துவிடுங்கள்" என்கிறது. வித்தியாசம் அரை லட்சம்தானே, பழகிய இடத்தை ஏன் விட வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த 17.5-ஐ உடைத்தால், நிலையானது 14, வேரியபிள் 1.5, மீதி 2 லட்சம் ஒரே முறை தரப்படும் ரிடென்ஷன் போனஸ் என்று தெரியவருகிறது. போனஸ் அடுத்த ஆண்டு கிடையாது. எனவே இரண்டாம் ஆண்டில், வேரியபிள் முழுதாகக் கிடைத்தாலும், ஒப்பீடு 15.5-க்கும் 18-க்கும் இடையிலானது.

இதோடு முடியவில்லை. ஏப்ரலில் வழக்கமாக 8 சதவீத உயர்வு கிடைக்கும் இடமென்றால், ராஜினாமா செய்யாமலே அவருடைய 12 லட்சம் 12.96 லட்சமாகியிருக்கும். கவுண்டர் ஆஃபரை ஏற்றவருக்கு அந்த ஆண்டின் ஏப்ரல் உயர்வு இல்லை என்றால், நிலையான சம்பளத்தில் அவருக்கு உண்மையில் கூடுதலாகக் கிடைத்தது 1.04 லட்சம் மட்டுமே. மற்றது எப்படியும் வரவிருந்த பணம், முன்கூட்டியே வந்திருக்கிறது. "அடுத்த ஏப்ரல் உயர்வு எனக்கு உண்டா?" என்ற கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

ரிடென்ஷன் போனஸில் இன்னொரு நிபந்தனையும் இருப்பது வழக்கம். 12 அல்லது 24 மாதத்துக்குள் விலகினால் அதைத் திருப்பித் தர வேண்டும். வரி பிடித்தது போகக் குறைவான தொகைதான் கைக்கு வந்திருக்கும். கடிதத்திலோ முழுத் தொகையையும் திருப்பித் தரும்படி எழுதியிருக்கக்கூடும். ஆட்குறைப்பில் நிறுவனமே அனுப்பினாலும் இது பொருந்துமா, முழுதாகவா அல்லது மீதமுள்ள மாதங்களுக்கு மட்டுமா என்பதைக் கையெழுத்திடும் முன் படித்துவிட வேண்டும்.

அடுத்த தவறு, வரிசையை மாற்றுவது. மேனேஜரின் வாக்கை நம்பி அன்றே ராஜினாமாவைத் திரும்பப் பெற்று, புதிய நிறுவனத்துக்கும் மறுப்பு அனுப்பிவிடுபவர்கள் இருக்கிறார்கள். பிறகு மேலிட ஒப்புதல் கிடைக்கவில்லை என்றால் கையில் எதுவும் இராது. மேனேஜர் பொய் சொன்னார் என்று இதற்குப் பொருளில்லை. பணத்துக்கான ஒப்புதல் பல இடங்களில் அவர் கையில் இருப்பதில்லை. திருத்திய சம்பளக் கடிதம், அமலுக்கு வரும் தேதியோடு, ஹெச்.ஆர். பிரிவிலிருந்து முதலில் வர வேண்டும். அதன் பிறகே ராஜினாமாவைத் திரும்பப் பெற வேண்டும். நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் பதில் வந்ததையும், ஹெச்.ஆர். தளத்தில் கடைசி வேலைநாள் நீக்கப்பட்டதையும் சரிபார்க்க வேண்டும். புதிய நிறுவனத்துக்கான மறுப்பு அதற்குப் பின்னர்தான். ஆனால் அதைச் சேரும் நாளுக்கு முந்தைய வாரம் வரை தள்ளிப்போடுவது முறையல்ல. உங்களுக்காக அவர்கள் அந்த இடத்தை மாதக்கணக்கில் காலியாக வைத்திருந்திருப்பார்கள்.

பணத்தை, பணமல்லாத காரணத்துக்கான பதிலாக எடுத்துக்கொள்வது மூன்றாவது தவறு. இரவு ஷிஃப்டோ, வளராத பழைய தொழில்நுட்பமோ விலகக் காரணமாக இருந்தால், 14 லட்சம் வாங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கும். "ப்ராஜெக்ட் மாற்றித் தருகிறோம்" என்றால், எந்தக் குழு, எந்தத் தேதி என்பதும் கடிதத்திலோ மின்னஞ்சலிலோ இடம்பெற வேண்டும். தேதி சொல்லத் தயங்கினால், மாற்றம் இன்னும் முடிவாகவில்லை என்றே கொள்ளலாம்.

எல்லாக் கவுண்டர் ஆஃபரும் மறுக்கத்தக்கது என்பதல்ல. நிலையான சம்பளமே உயர்ந்து, கேட்ட குழு மாற்றமும் எழுத்தில் வந்தால் இருப்பது நல்ல முடிவாகலாம். ஆனால் ஐந்தாண்டு முடித்தால் கிடைக்கும் பணிக்கொடைக்காக இருப்பதாகச் சொல்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மாத அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் என்றால், ஐந்தாண்டுப் பணிக்கு 50,000 × 15 ÷ 26 × 5, அதாவது சுமார் 1.44 லட்சம் கிடைக்கும். வேலை செய்து கழிக்கும் நோட்டீஸ் காலமும் பணிக்காலத்தில் சேரும் என்பதால், நான்கு ஆண்டு ஒன்பது மாதம் முடித்து ராஜினாமா அனுப்பியவர், அந்த 90 நாளை முழுதாக முடிக்கும்போது ஐந்தாண்டை எட்டிவிடுவார்; சில நாள் குறைந்தால், கடைசி வேலைநாளைச் சற்றுத் தள்ளிவைக்கும்படி இரு நிறுவனங்களிடமும் கேட்கலாம்.