வசனத்துக்கு நடுவே சும்மா நிற்கும் பாத்திரம்

பினாங்கு நாசி கண்டார் கடையில் இரண்டு பேர் பேசும் அனிமேஷன் காட்சி. அண்ணன் பேசுகிறார், தம்பி ஆறு விநாடி கேட்டுக்கொண்டு நிற்கிறான். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 144 ஃபிரேம். அவ்வளவு நேரம் அசையாமல் விட்டால் தம்பி பொம்மையாகிவிடுவான்.

முதலில் மூச்சு. நிதானமாக நிற்பவருக்கு ஒரு மூச்சு சுமார் நான்கு விநாடி, அதாவது 96 ஃபிரேம். 40 ஃபிரேமில் உள்ளிழுக்கட்டும், மீதியில் மெதுவாக விடட்டும். நெஞ்சு முதலில் எழும்ப வேண்டும், தோள் இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளி வரவேண்டும். எல்லாம் ஒரே ஃபிரேமில் ஏறி இறங்கினால் காற்றடித்த பலூன் மாதிரித் தெரியும்.

அப்புறம் எடை மாற்றம். ஆறு விநாடிக்கு ஒன்றே போதும். அதை அண்ணன் "கடையை விற்கப்போறேன்" என்று சொல்லி முடித்த கையோடு வையுங்கள். சேதி உள்ளே இறங்கியது தெரியும். இடுப்பு சற்றுத் தாழ்ந்து, வலது பாதத்தின் மேல் 18 ஃபிரேமில் போய்ச் சேரட்டும். சேர்ந்ததும் எடை தாங்கும் பக்கம் இடுப்பு உயரும், அந்தப் பக்கத் தோள் தாழும், இடது முழங்கால் தளரும். தலை கடைசியில் வரட்டும்.

இடுப்பு நகர்ந்தும் இரண்டு முழங்காலும் நேராகவே இருந்தால் எடை மாறவில்லை, உடம்பு வெறுமனே சாய்ந்திருக்கிறது. பாதங்களை மட்டும் பார்த்து ஒருமுறை ஓட்டுங்கள். வழுக்கினால் உடனே கண்ணில் படும்.

தம்பி பதில் சொல்வதற்கு 8 ஃபிரேம் முன்னால், பழைய மூச்சுச் சுழற்சியை வெட்டிவிட்டு, சின்னதாக ஒரு மூச்சை இழுக்கவிடுங்கள்.