இணையவழிச் சங்கீத வகுப்பில் சுருதி ஏன் மறைகிறது: இரைச்சல் நீக்கியைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காணொளி அழைப்பில் தம்புராவின் ஒலி சில விநாடிகளில் தேய்ந்து மறைவதையும், கார்வை கொடுத்துப் பாடும் சுரம் நடுவில் அறுந்துபோவதையும், மெல்லப் பேசுபவரின் சொற்கள் ஈறிழந்து கேட்பதையும் பெரும்பாலானோர் இணைய இணைப்பின் குறை என்றே எடுத்துக்கொள்கின்றனர். கொழும்பிலிருந்து கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இதற்காக இணைப்பை மாற்றுகிறார்கள், புதிய ஒலிவாங்கி வாங்குகிறார்கள், ஆனாலும் குறை அப்படியே இருந்துவிடுகிறது. அழைப்புச் செயலியில், நாம் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும் இரைச்சல் நீக்கிதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

அது செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் எந்த ஒலி அதற்கு இரையாகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒலிவாங்கியில் இருந்து வரும் ஒலியை அது ஏறத்தாழ 10 அல்லது 20 மில்லிவிநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்த அதிர்வெண் வரை பல பட்டைகளாகப் பிரிக்கிறது. 2017 இல் வெளிவந்த RNNoise என்னும் திறந்த மூல நிரலில் இத்தகைய பட்டைகள் 22. ஒவ்வொரு பட்டையிலும் பேச்சு எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு என்று மதிப்பிட்டு, 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணால் அந்தப் பட்டையை அது பெருக்குகிறது. முழுவதும் பேச்சு என்று கருதினால் 1, முழுவதும் இரைச்சல் என்று கருதினால் 0 அல்லது அதற்கு மிக அருகில் உள்ள எண். ஆகவே நீக்கி தவறாக மதிப்பிட்ட ஒலி, மறுமுனைக்குப் போய்ச் சேரும் முன்பே நம் பக்கத்திலேயே அழிந்துவிடுகிறது.

அந்த மதிப்பீட்டுக்கு இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. பழைய வழி ஒலியின் நிலையான தன்மையைப் பார்க்கிறது. பேச்சு அசைக்கு அசை ஏறி இறங்கும், இடையிடையே நிற்கும். மின்விசிறியும் குளிர்சாதனமும் அப்படி நிற்பதில்லை. எனவே ஒரு பட்டையின் ஒலி ஓரிரு விநாடிகளுக்குக் குறையாமல் ஒரே மட்டத்தில் இருந்தால் அது இரைச்சல் என்று முடிவுசெய்யப்படுகிறது. புதிய வழியில், ஆயிரக்கணக்கான பேச்சுப் பதிவுகளையும் இரைச்சல் பதிவுகளையும் கொண்டு பயிற்றப்பட்ட நரம்பியல் வலையமைப்பு, பேச்சைப் போல இல்லாத எதையும் குறைக்கிறது. முதல் வழி சுருதியை வெட்டும். இரண்டாவது வழி அதனுடன் வீணையையும் மிருதங்கத்தையும் சேர்த்து வெட்டும்.

ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில், காலி வீதிக்கு அருகில் உள்ள தொடர்மாடியில் இருந்து ஓர் ஆசிரியை, யூன் மாதத்துச் சனிக்கிழமை மாலை 4:30 மணிக்கு, அங்கே காலை 7 மணியாக இருக்கும் ரொறன்ரோவில் உள்ள மாணவிக்கு மடிக்கணினியில் பாடம் சொல்கிறார். சுருதி ஐந்து கட்டை, அதாவது ஷட்ஜம் ஏறத்தாழ 196 ஹேர்ட்ஸ். சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு அவர் பேசத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே மறுமுனையில் இருந்து, "ரீச்சர், சுருதி நிண்டு போச்சு" என்று குரல் வருகிறது. பெட்டியோ இங்கே ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. அவர் அதன் ஒலியைக் கூட்டுகிறார். இரண்டு மூன்று விநாடிகள் நன்றாகக் கேட்டுவிட்டு மீண்டும் மறைகிறது. எல்லோரும் முதலில் செய்யும் தவறு இதுதான். ஒலியைக் கூட்டியபோது நீக்கியின் மதிப்பீடு சற்று நேரம் பிந்திப்போனது. புதிய மட்டமும் மாறாமல் நின்றதும், அதையும் இரைச்சல் என்று கணக்கில் எடுத்துக்கொண்டது. ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாமல் நிற்பதே சுருதியின் இலக்கணம்; மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் முனகலைப் பிடிக்கவென்று ஆக்கப்பட்ட கருவிக்கு அந்த அசையாமைதான் அடையாளம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சத்தத்தைக் கூட்டி அதற்கு உணர்த்த முடியாது.

பாட்டிலும் இதே விதி செல்லும். கமகத்தோடு அசையும் காந்தாரம் பெரும்பாலும் தப்பிவிடும், ஏனெனில் அதன் சுருதி ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது. அசைவின்றி நீட்டும் ஷட்ஜமும் பஞ்சமமுமே முதலில் மெலியும். மாணவிக்கு மூச்சு முட்டிச் சுரத்தை விட்டுவிட்டாளா, அல்லது நீக்கி அதை விழுங்கிவிட்டதா என்று மறுமுனையில் இருக்கும் ஆசிரியையால் பிரித்தறிய முடியாமல் போவதுதான் கற்பித்தலில் இதனால் வரும் பெரிய கேடு என்று நான் கருதுகிறேன். சரியாகப் பாடிய பிள்ளை திருத்தப்படுகிறாள்.

மெல்லிய பேச்சுக்கு நேர்வது சற்று வேறு. அங்கே பிரச்சினை ஒலி அசையாமல் நிற்பது அல்ல, அது அறையின் இரைச்சலை விட அதிகம் உயராததே. ச, ஸ, ஹ போன்ற காற்றொலிகளுக்குச் சுருதி கிடையாது. விசிறிக் காற்றும் அவையும் நீக்கிக்கு ஏறக்குறைய ஒன்றே. சொல்லின் இறுதியில் வரும் குற்றியலுகரம் இயல்பாகவே அரை மாத்திரைதான். "வந்தது", "பேச்சு" என்பவற்றின் கடைசி உகரம் குரல் தணியும் இடத்தில் வருவதால் முழுதாகவே போய்விடுகிறது. மேசையில் இருந்து இரண்டு மீற்றர் தள்ளிச் சாய்மனைக் கதிரையில் இருந்து பேசும் பாட்டியின் வாக்கியங்கள் துண்டு துண்டாகக் கேட்பதற்கு அவருடைய வயது காரணமல்ல.

இனி, குறை எங்கே என்று அறிவது. இணைப்பின் குறை உரத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் ஒன்றுபோலவே வெட்டும்; படமும் பெரும்பாலும் கூடவே உறையும். நீக்கியின் வெட்டு எப்போதும் மெல்லிய இடத்திலும் நீண்ட இடத்திலும்தான் விழும். உறுதிசெய்ய, அதே அழைப்பில் கைத்தொலைபேசியில் இருந்தும் இணைந்து, அதை இன்னோர் அறைக்கு எடுத்துச் சென்று காதணியில் கேளுங்கள்; யாரும் பேசாமல் சுருதிப் பெட்டியை மட்டும் 20 விநாடி ஒலிக்க விடுங்கள். தொடக்கத்தில் கேட்டு, பின் படிப்படியாக மங்கினால் வேறு சான்று தேவையில்லை.

அடுத்த தவறு, ஒலி கேட்காதவர் தம் பக்கத்து அமைப்பை மாற்றுவது. ரொறன்ரோவில் உள்ள மாணவி தன் கணினியில் நீக்கியை நிறுத்தினால் அவளுடைய குரல்தான் மாறும்; ஆசிரியையின் சுருதி திரும்பாது. யாருடைய ஒலி வெட்டப்படுகிறதோ அவருடைய பக்கத்தில்தான் அதை நிறுத்த வேண்டும். காதணிப் பெட்டியில் விளம்பரப்படுத்தப்படும் வெளிச்சத்தத் தடுப்பையும் இதனோடு குழப்பக் கூடாது: அது அணிந்திருப்பவர் கேட்பதை மாற்றுகிறதே தவிர, அவர் அனுப்புவதை அல்ல.

சூம் செயலியைக் கணினியில் பயன்படுத்துபவர்கள் Settings என்பதில் Audio பகுதிக்குச் சென்று Original sound for musicians என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். அதன் கீழுள்ள High-fidelity music mode இசைக்கு ஏற்ற தரத்தில் ஒலியை அனுப்பும், இணைப்பு நன்றாக இருந்தால் அதையும் போடலாம். இவ்வளவோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அழைப்புக்குள் வந்த பின், திரையின் மேற்பகுதியில் அதே பெயருடன் தோன்றும் பொத்தானைப் பார்த்து, அது On என்று காட்டுகிறதா என உறுதிசெய்யாவிட்டால் அமைப்பில் செய்தது பயன் தராது. ரீம்ஸ் செயலியில் Noise suppression என்பதை Off ஆக்கலாம். கூகிள் மீற்றில் ஒலி அமைப்புகளுக்குள் இதற்கான தெரிவு உள்ளது. அழைப்பு நடக்கும்போது ஐபோனில் Control Center இலும், மக் கணினியில் திரையின் மேல் உள்ள மெனுப் பட்டையிலும் Mic Mode என்பதைத் திறந்து, Voice Isolation இல் இருந்தால் Wide Spectrum க்கு மாற்ற வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, நீக்கிகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கலாம் என்பது: செயலியில் நிறுத்திய பிறகும் கணினியின் ஒலிச் சாரதி மென்பொருளில் இன்னொன்று இயங்கலாம், புளூடூத் காதணிக்குள்ளேயே மூன்றாவது ஒன்று இருக்கலாம். காதணிக்குள் இருப்பதைச் செயலியால் நிறுத்த முடியாது. அழைப்பின்போது அதன் ஒலிவாங்கி உயர்ந்த அதிர்வெண்களையும் துண்டித்தே அனுப்புவது வழக்கம். பாட்டு வகுப்புக்கு வயர் இணைத்த ஒலிவாங்கியே ஏற்றது.

Automatically adjust microphone volume என்னும் தெரிவையும் இசையின்போது எடுத்துவிட வேண்டும். மந்திர ஸ்தாயியில் மெல்லப் பாடுவதை அது உயர்த்தி, தார ஸ்தாயியில் திறந்து பாடுவதைத் தாழ்த்தி, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

எதிரொலி நீக்கம் மட்டும் தனியாகக் கருதப்பட வேண்டியது. இரைச்சல் நீக்கியோடு சேர்த்து அதையும் நிறுத்திவிட்டு, கணினியின் ஒலிபெருக்கியில் மறுமுனையைக் கேட்டால், மாணவியின் குரல் ஒலிவாங்கிக்குள் புகுந்து அவளுக்கே பிந்திக் கேட்கும். காதில் வயர் காதணி இருந்தால் மட்டுமே அதை நிறுத்தலாம். எதிரொலி நீக்கத்தை நிறுத்தாமல் வைத்திருந்தால், இருவரும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது ஒருவர் ஒலி அமுங்கும். அழைப்பில் வரும் தாமதத்தால் இருவரும் சேர்ந்து பாடுவது எப்படியும் இயலாது. எனவே மாணவி தன் பக்கத்தில் தனக்கென்று ஒரு சுருதிப் பெட்டியை வைத்துக்கொள்வதும், ஆசிரியை பாடி முடித்த பின் அவள் பாடுவதுமே நல்லது.

நீக்கியை நிறுத்தியவுடன் அறையில் இருந்த அத்தனை ஒலியும் வெளியே போகும் என்பதை ஏற்றுக்கொண்டே நிறுத்த வேண்டும். காலி வீதியின் பஸ் ஹோர்னும், மேலே சுழலும் விசிறியும், மின்வெட்டில் இயங்கும் ஜெனரேட்டரும் சேர்ந்து போகும். இதற்கு ஈடு தூரத்தைக் குறைப்பதே. வாய்க்கு 60 சென்ரிமீற்றர் தள்ளி இருந்த ஒலிவாங்கியை 15 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தால், குரல் அறையின் இரைச்சலை விட ஏறத்தாழ 12 டெசிபல் கூடுதலாக உயரும். வீதிப் பக்கத்து யன்னலைச் சாத்தி, விசிறியின் காற்று ஒலிவாங்கியில் படாதவாறு இருந்தால் பாட்டு வகுப்பு நடத்தப் பெரும்பாலும் அது போதும். மெல்லப் பேசும் பாட்டிக்கும் முதல் வைத்தியம் இதுவே. அவருக்காக நீக்கியை முழுதாக நிறுத்த வேண்டியதில்லை, சூமில் Low என்ற மட்டத்தில் வைத்து ஒலிவாங்கியை அவருக்கு அருகே நகர்த்தினால் ஈறுகள் திரும்பும்.

அலுவலகக் கூட்டத்துக்கும், வாகனத்தில் இருந்து பேசும் அழைப்புக்கும் நீக்கி இயங்கட்டும். பலர் சேர்ந்து படிக்கும் பாட்டு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அதை நிறுத்தி வைத்தால் அத்தனை வீட்டு இரைச்சலும் ஒன்றாகக் கூடிவிடும். அங்கே பாடும் பிள்ளையின் ஒலிவாங்கி மட்டும் திறந்திருக்க, மற்றவர்கள் தங்கள் முறை வரும் வரை ஒலியை மூடி வைத்திருக்க வேண்டும்.