நகைக்கடனுக்கு நடுவில் கொஞ்சம் பணம் கட்டினால் பாக்கி எவ்வளவு? கணக்குப் போடும் முறை

சித்தி கையில் இரண்டு ரசீதுகளோடு வந்தார். "லட்ச ரூபா வாங்குனேன், நடுவுல முப்பதாயிரம் கட்டிட்டேன். மிச்சம் எழுபதுக்குத்தானே வட்டி? நகையை மீட்கப் போனா 78,733 கேக்குறாங்க. சரியான்னு பாரு."

எழுபதுக்கு வட்டி என்று நினைப்பதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. சித்தியின் கணக்கையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம். பெருக்கலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் சீட்டிலிருந்து எடுக்க வேண்டியவை

கடன் 1,00,000 ரூபாய், வாங்கியது பிப்ரவரி 5. வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். மாதாமாதம் வட்டி அசலோடு சேரும் என்று சீட்டில் இருக்கிறது. நடுவில் கட்டியது 30,000. மீட்பது டிசம்பர் 5, அதாவது சரியாகப் பத்து மாதம் கழித்து.

ஆண்டுக்கு 12 என்றால் மாதத்துக்கு 1 சதவீதம். ஊர்ப்பேச்சில் சொன்னால் 'ஒரு வட்டி', நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். ஒன்றரை வட்டி என்று சொல்லியிருந்தால் ஆண்டுக்கு 18. சீட்டில் ஆண்டு வட்டி எழுதியிருந்தால் 12 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாக ஒரு வட்டி, இரண்டு வட்டி என்றால் அது ஏற்கெனவே மாத வட்டிதான், திரும்ப வகுக்கக் கூடாது.

'மாதாமாதம் அசலோடு சேரும்' என்ற வரி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எல்லா நகைக்கடனும் கூட்டு வட்டி இல்லை. அந்த வரி இல்லாமல் தனி வட்டியாக இருந்தால் கீழே வரும் கணக்கு பொருந்தாது.

படி 1: பணம் கட்டிய நாள் வரை கடனை வளர விடுங்கள்

சித்தி ஜூன் மாதம் கட்டியதாகச் சொன்னார். இப்போதைக்கு ஜூன் 5 என்றே வைத்துக்கொள்வோம், நான்கு மாதம் முடிந்த நாள். மாதம் 1 சதவீதம் கூடுகிறது என்றால் ஒவ்வொரு மாதமும் பாக்கியை 1.01 ஆல் பெருக்க வேண்டும்.

மார்ச் 5 அன்று 1,01,000. ஏப்ரல் 5 அன்று 1,02,010. இந்தப் பத்து ரூபாய்தான் வட்டிக்கு வட்டி, முதல் மாதம் சேர்ந்த ஆயிரத்தின் மேல் வந்தது. மே 5 அன்று 1,03,030.10. ஜூன் 5 அன்று 1,04,060.40.

படி 2: இப்போது கழியுங்கள்

1,04,060.40 − 30,000 = 74,060.40.

சித்தி நினைத்த எழுபதாயிரம் இங்கே இல்லை. கட்டிய முப்பதாயிரத்தில் 4,060.40 அதுவரை ஏறியிருந்த வட்டிக்குப் போய்விட்டது. அசலில் குறைந்தது 25,939.60 மட்டுமே. கட்டும் பணம் முதலில் வட்டியைத் தீர்க்கும், மிச்சம்தான் அசலைத் தொடும்.

இதை இன்னும் கூர்மையாகப் பார்க்க, அதே நாளில் வெறும் 3,000 கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பாருங்கள். பாக்கி 1,01,060.40. நான்கு மாதம் கழித்து, பணமும் கட்டிய பிறகு, வாங்கியதைவிட அதிகம் பாக்கி நிற்கிறது! இதில் தப்பு எதுவும் நடக்கவில்லை. கட்டியது வட்டிக்கே பத்தவில்லை, அவ்வளவுதான்.

படி 3: மிச்சத்தை மீட்கும் நாள் வரை வளர விடுங்கள்

74,060.40 இனிமேல் புதுக்கடன் மாதிரி. ஜூன் 5 முதல் டிசம்பர் 5 வரை ஆறு மாதம். ஆறு முறை 1.01 ஆல் பெருக்கினால் 78,616.61.

கடையில் கேட்டது 78,733. நமக்கு வந்தது 116 ரூபாய் குறைவு. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்தப் பெருக்கலைச் சுலபமாகச் செய்யும் வழி.

கால்குலேட்டரில் = பொத்தானை அழுத்தியே முடிக்கலாம்

ஒரே எண்ணால் திரும்பத் திரும்பப் பெருக்க, = பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டே போனால் போதும். ஆனால் எந்த எண்ணை நினைவில் வைத்துப் பெருக்குகிறது என்பது கருவிக்குக் கருவி மாறும். கண்டுபிடிக்க 2 × 3 = = என்று தட்டுங்கள். 12 வந்தால் முதல் எண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. அப்போது 1.01 × 100000 என்று போட்டு, = ஐ நான்கு முறை அழுத்த வேண்டும். 18 வந்தால் இரண்டாவது எண்ணைப் பிடித்திருக்கிறது, 100000 × 1.01 என்று போட வேண்டும். 6 அப்படியே நின்றால் அந்தக் கருவியில் இந்த வழி இப்படி வேலை செய்யாது. சிலவற்றில் × பொத்தானை இரண்டு முறை அழுத்தினால்தான் நடக்கும்.

எக்செல் திறக்கத் தெரிந்தவர்கள் B1, B2, B3 கட்டங்களில் இந்த மூன்றையும் எழுதினால் போதும்:

```
=100000*(1+12%/12)^4
=B1-30000
=B2*(1+12%/12)^6
```

கடைசியில் உள்ள 4 உம் 6 உம் மாத எண்ணிக்கை. இரண்டையும் கூட்டினால் மொத்தக் கடன்காலம், பத்து, வர வேண்டும். இந்தக் கூட்டலைச் சரிபார்க்காமல் விட்டு நானே இரண்டு முறை தப்பாகப் போட்டிருக்கிறேன்.

விடை சரியா என்று வேறு வழியில் பார்ப்பது

நடுவில் பணமே கட்டவில்லை என்றால் பத்து மாதத்தில் கடன் 1,10,462.21 ஆகியிருக்கும். மறுபக்கம், கட்டிய 30,000 அதே வட்டியில் ஆறு மாதம் வளர்ந்தால் 31,845.60. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 78,616.61. அதே விடை.

பலர் செய்யும் இரண்டு பிழைகளும் இதில் தெரிந்துவிடும். ஒன்று, 1,10,462.21 இலிருந்து வெறும் 30,000 கழிப்பது. அப்படிச் செய்தால் 80,462.21 வரும். ஜூனில் கட்டிய பணத்தை டிசம்பரில் கட்டியதாக எடுத்துக்கொண்டதால் 1,845.60 கூடுதல். இன்னொன்று சித்தியின் கணக்கு: எழுபதாயிரத்துக்குப் பத்து மாதம் போட்டால் 77,323.55. இதில் முப்பதாயிரம் பிப்ரவரியிலேயே கட்டப்பட்ட மாதிரி ஆகிறது, 1,293.06 குறைகிறது. கடைக்காரர் கேட்பது முதல் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால், உங்கள் பணத்தை எந்தத் தேதியில் வரவு வைத்தார்கள் என்று கேளுங்கள்.

அந்த 116 ரூபாய் எங்கே போனது?

ரசீதைத் திருப்பிப் பார்த்தேன். தேதி ஜூன் 17. "அஞ்சாம் தேதி போகணும்னுதான் இருந்தேன், கல்யாணத்துக்குப் போயிட்டேன்" என்றார் சித்தி.

மாதத்தின் நடுவில் கட்டினால் பெருக்கல் மட்டும் போதாது, அந்த ஒரு மாதத்துக்கு நாள் கணக்கு போட வேண்டும். ஜூன் 5 அன்று பாக்கி 1,04,060.40. அதற்கு 12 நாள் வட்டி: பாக்கியை 12 சதவீதத்தால் பெருக்கி, 365 ஆல் வகுத்து, 12 நாளால் பெருக்கினால் 410.54. ஆக ஜூன் 17 அன்று 1,04,470.94 பாக்கி. முப்பதாயிரம் கழித்தால் 74,470.94.

ஜூலை 5 வர இன்னும் 18 நாள். 74,470.94 க்கு அதே மாதிரி போட்டால் வட்டி 440.70. ஜூலை 5 அன்று பாக்கி 74,911.64. அங்கிருந்து டிசம்பர் 5 வரை ஐந்து முழு மாதம், ஐந்து முறை 1.01 ஆல் பெருக்கினால் 78,732.89. ரூபாய்க்கு முழுமையாக்கினால் 78,733. கடையில் கேட்டது அதேதான்.

உங்கள் விடை இரண்டு மூன்று ரூபாய் மாறினால் பதற வேண்டாம். 12 நாள் வட்டியான 410.54 ஐ உடனே சேர்க்காமல், ஜூலை 5 அன்றுதான் சேர்ப்போம் என்று சிலர் வைத்திருப்பார்கள். அப்போது ஜூலை 5 பாக்கி 74,909.22, வித்தியாசம் இரண்டரை ரூபாய்க்குள். எல்லா மாதத்தையுமே நாள் கணக்கில் போடுபவர்களும் உண்டு. அங்கே 31 நாள் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேலும், 28 நாள் மாதத்துக்குக் குறைவாகவும் வரும்.

வித்தியாசம் நூற்றுக்கணக்கில் இருந்து, தேதியும் சரியாக இருந்தால், வட்டி விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். சில திட்டங்களில் முதல் சில மாதங்களுக்குள் வட்டியைக் கட்டினால் ஒரு விகிதம், தாமதித்தால் அதைவிடக் கூடுதல் விகிதம் என்று சீட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும். அப்படி இருந்தால் விகிதம் எந்த நாளிலிருந்து மாறியது என்று கேட்டு, அந்த நாளில் கணக்கை வெட்டி, அதற்குப் பிறகு 1.01 க்குப் பதில் புது எண்ணைப் போட வேண்டும். 15 சதவீதம் ஆகிவிட்டது என்றால் 1.0125.

சித்தியின் சீட்டில் அப்படி எதுவும் இல்லை. அந்த 12 நாளின் விலை 116 ரூபாய் என்று சொன்னதும், "மொய்யை விடக் கம்மிதான், விடு" என்று சொல்லி ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.