பிராட் டெட் கேஸில் குறிப்பு எழுதும் முறை

கேஷுவால்டிக்குப் புதிதாக வந்திருக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்காக, உயிரில்லாத நிலையில் கொண்டுவரப்படுகிறவருக்குக் குறிப்பு எழுதுவது எப்படி என்று எழுதுகிறேன். நீங்கள் கண்டதும் பிறர் சொன்னதும் குறிப்பில் கலந்துவிடக் கூடாது.

ஓர் உதாரணம். 50 வயது ஆணை ஆட்டோவில் கொண்டுவருகிறார்கள்.

முதலில் நேரம். சுவர்க் கடிகாரம், மானிட்டர், கைப்பேசி மூன்றும் வேறு வேறு காட்டலாம். ஒன்றை மட்டும் கடைசிவரை பின்பற்றுங்கள். “வந்த நேரம் 6.42. கடைசியாக 5.30க்குப் பேசினார், 6.10க்குக் குளியலறையில் விழுந்து கிடந்தார் என்று மனைவி கூறினார்.” ‘மனைவி கூறினார்’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். விட்டால் அந்த நேரங்களுக்கு நீங்களே சாட்சி ஆகிவிடுவீர்கள்.

அடுத்து, வந்தவுடன் கண்டவை: கழுத்து நாடி இல்லை, மூச்சு இல்லை, கண்மணிகள் விரிந்து வெளிச்சத்துக்கு அசையவில்லை, உடல் சூடாக இருக்கிறது, விறைப்பு இல்லை. காயம் இருந்தால் இடமும் அளவும். இல்லையென்றால் ‘வெளிக்காயம் தென்படவில்லை’ என்றே எழுதுங்கள். தாடை விறைத்து, முதுகில் அழுத்தினாலும் மறையாத கருஞ்சிவப்புத் திட்டுகள் இருந்தால் சிபிஆர் தொடங்காததற்கு அதுவே காரணம். அதையும் எழுத வேண்டும். குளிர்ந்துபோன உடலில், குறிப்பாக நீரில் மூழ்கியவரிடம், அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள்.

இவருக்கு அப்படி எதுவும் இல்லை, அதனால் முயற்சி நடந்தது. “6.43 சிபிஆர் தொடக்கம். அட்ரினலின் 1 மி.கி. 6.46, 6.50, 6.55, 6.59, 7.03, 7.08. ஒவ்வொரு சோதனையிலும் அசிஸ்டோல். 7.12க்கு நிறுத்தம்.” இதை நினைவிலிருந்து எழுதினால், உண்மையில் அப்படி இல்லாவிட்டாலும் நேரங்கள் ஒரே சீரான இடைவெளியில் வந்துவிடும். ஒரு நர்ஸ் அப்போதைக்கு அப்போதே குறித்துக்கொள்ளட்டும். பிறகு இதய ஒலியும் மூச்சொலியும் இல்லை என்று ஐந்து நிமிடம் முழுதும் கவனித்துக் கேட்டு உறுதிசெய்து, நேர்கோட்டு ஈசிஜியில் பெயரும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். “7.17க்கு இறப்பு அறிவிக்கப்பட்டது.” இது அறிவித்த நேரம்தான். இறந்த நேரம் நமக்குத் தெரியாது. காரணமும் தெரியாது, குடும்பத்தார் நெஞ்சுவலி என்றார்கள் என்பதற்காக மாரடைப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

குடும்பத்தாரிடம் பேசியதற்கும் தனி வரி வேண்டும்: “7.20, மனைவியிடமும் தம்பியிடமும் நேரில், பணி மருத்துவர் தெரிவித்தார், நர்ஸ் உடனிருந்தார்.” உறவுமுறை, தொலைபேசி எண், ஆளை அடையாளம் காட்டியவர் யார் என்பதும் வேண்டும். ‘காலமாகிவிட்டார்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். போலீஸுக்குத் தகவல் போகும், போஸ்ட்மார்ட்டம் தேவைப்படலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டு, பிறகு மறுக்கும்போது அந்த மனைவி படும் பாட்டைப் பார்க்க முடியாது.

அப்புறம் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவு. போலீஸுக்குத் தகவல் அனுப்பிய நேரத்தையும் பெற்றுக்கொண்டவர் கையெழுத்தையும் சேருங்கள். ட்யூப், ஊசிகளை அப்படியே விட்டு, எங்கே எது இருக்கிறது என்று எழுதுங்கள். நகைகளை இன்னொருவர் முன்னிலையில் எண்ணுங்கள். ‘தங்கச் சங்கிலி’ என்று எழுதாமல் ‘மஞ்சள் நிறச் சங்கிலி ஒன்று’ என்று எழுதி, வாங்கிக்கொண்டவரிடம் கையெழுத்துப் பெறுங்கள்.