ரிம், பீடு, ஹப், வால்வு: ஒரு சைக்கிள் டியூபை மாற்றியபடியே தெரிந்துகொள்ளலாம்

சக்கரத்தின் பாகங்களைப் படம் போட்டு அம்புக்குறி வைத்துப் படித்தால் மறுநாளே மறந்துவிடும். ஒரு டியூபை மாற்றினால் எல்லாப் பாகமும் வரிசையாகக் கைக்கு வரும். காற்று இறங்கிய ஒரு முன்சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். டயரில் 37-622 என்று அச்சாகியிருக்கிறது.

1. ஹப்

சக்கரத்தின் நடுவில், ஸ்போக்ஸ் கம்பிகள் வந்து சேரும் உருளைதான் ஹப். அதற்குள் அச்சும் பேரிங்கும் இருக்கின்றன. போர்க் பிடித்திருப்பது இந்த அச்சைத்தான். இருபக்கமும் நட் இருந்தால் பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். ஒருபக்கம் லீவர் இருந்தால் அதைத் திறந்து எதிர்ப்பக்க நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள்.

2. சைடுவால்

டயரின் பக்கச் சுவர். சைஸ், அதிகபட்சக் காற்றழுத்தம், சில டயர்களில் சுழலும் திசைக்கான அம்பு, எல்லாம் இங்கேதான் இருக்கும். 37 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில். 622 என்பது டயர் போய் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம், அதுவும் மி.மீ.தான். டியூப் வாங்கும்போது அகலத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். டியூப் பெட்டியிலேயே எந்த அகலத்திலிருந்து எதுவரை என்று போட்டிருப்பார்கள். டயர் வாங்கும்போது விட்டம் மட்டும் அப்படியே ஒத்துப்போக வேண்டும்.

3. வால்வு

மோட்டார் வண்டிகளில் இருப்பதுபோல் தடித்தது ஷ்ரேடர். ஒல்லியாக, நுனியில் குட்டி நட்டோடு இருப்பது பிரெஸ்டா. பழைய சைக்கிள்களில் வால் டியூப் என்ற சின்ன ரப்பர் குழாய் போட்டு வருவது டன்லப். நம் சக்கரத்தில் இருப்பது பிரெஸ்டா. அதன் நுனி நட்டைத் தளர்த்திவிட்டு அழுத்தினால்தான் மிச்சக் காற்று வெளியேறும். காற்றடிக்கும்போதும் இதையே செய்ய வேண்டும். பம்ப் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்களில் பலர் இந்த நட்டைத் திறந்திருக்க மாட்டார்கள்.

பிரெஸ்டாவுக்கு ரிம்மில் 6.5 மி.மீ. துளை, ஷ்ரேடருக்கு 8.5 மி.மீ. பெரிய துளையில் பிரெஸ்டா டியூபைப் போடுவதென்றால் இடைவெளியை அடைக்கும் சிறு வளையம் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் வால்வு ஆடி ஆடி, அதன் அடியில் டியூப் அறுந்துபோகும்.

4. பீடும் ரிம்மும்

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொண்டு விழிக்கும் இடம் இதுதான்.

டயரின் இரண்டு உள்விளிம்புகளிலும் ஓடும் கெட்டியான வளையம்தான் பீடு. உள்ளே ஸ்டீல் கம்பியோ அராமிட் நாரோ இருக்கும். இரண்டுமே இழுத்தால் நீளாதவை. நீண்டால் காற்றழுத்தத்தில் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துவிடும்.

ரிம்மின் வெளிவிளிம்போ பீடைவிடப் பெரியது. நீளாத வளையம் தன்னைவிடப் பெரிய விளிம்பை எப்படித் தாண்டும்? ரிம்மின் குறுக்குவெட்டைப் பாருங்கள். இரு ஓரங்களிலும் பீடு உட்காரும் மேடை, நடுவில் அதைவிடத் தாழ்வான ஒரு பள்ளம். பீடின் ஒரு பக்கத்தை இந்தப் பள்ளத்துக்குள் தள்ளினால் எதிர்ப்பக்கத்தில் அந்த அளவுக்குத் தளர்ச்சி கிடைக்கும். டயரைக் கழற்றுவதும் மாட்டுவதும் இந்தத் தளர்ச்சியை வைத்துத்தான். பலம் இதில் பெரிதாக உதவாது.

ஆகவே முதலில் சக்கரம் முழுக்கச் சைடுவாலைப் பிசைந்து, இருபக்கப் பீடையும் நடுப் பள்ளத்துக்குத் தள்ளுங்கள். பிறகு ஒரு டயர் லீவரை நுழைத்து நெம்புங்கள், சில அங்குலம் தள்ளி இன்னொன்று. லீவர் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம், ரிம் விளிம்பில் பள்ளம் விழும், டியூபும் கிழியும்.

5. ஓட்டை எங்கே?

டியூபை எடுத்துக் காற்றடித்துப் பாருங்கள். அது எந்தத் திசையில் இருந்தது என்பதை மறக்காமல், வால்வை அடையாளமாக வைத்து டயரோடு சேர்த்துப் பிடியுங்கள். ஓட்டை இருக்கும் பக்கமே காரணத்தைச் சொல்லிவிடும்.

நம் டியூபில் வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி, ரிம்மைப் பார்த்த உட்பக்கத்தில் ஓட்டை. இதற்காக டயரில் முள் தேடிப் பயனில்லை. ரிம்மில் அதே இடத்தைப் பார்த்தால் ரிம் டேப் ஓரமாக நகர்ந்து, ஸ்போக்ஸ் துளையின் கூர்மையான விளிம்பு தெரிகிறது. டேப்பைச் சரிசெய்யாமல் புது டியூப் போட்டால் அதுவும் அதே இடத்தில் போகும்.

ஓட்டை வெளிப்பக்கம் என்றால் சந்தேகம் ட்ரெட் மேல். ட்ரெட் என்பது தரையில் படும் தடித்த பகுதி, பட்டன் என்று சொல்கிறோமே அதுதான். உட்புறம் துணியை வைத்துத் தடவுங்கள், முள் இருந்தால் இழுக்கும். விரலால் தடவினால் விரல்தான் கிழியும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல்கள் என்றால், காற்று குறைவாக இருந்தபோது மேட்டில் மோதி, ரிம் விளிம்புகள் டியூபை நசுக்கியிருக்கின்றன.

6. மாட்டுதல்

ஒரு பீடை முழுக்க ரிம்முக்குள் போடுங்கள். டியூப் உருண்டு நிற்கும் அளவுக்கு மட்டும் காற்றடித்து, வால்வைத் துளையில் விட்டு உள்ளே வையுங்கள். இரண்டாவது பீடை வால்வுக்கு நேர் எதிரே தொடங்கி, இருபக்கமும் வந்து வால்வில் முடியுங்கள். வால்வின் அடிப்பாகம் தடிமன். அது பள்ளத்தை அடைத்துக்கொள்வதால் அங்கே பீடு இறங்காது, தளர்ச்சி கிடைக்காது. வால்வில் தொடங்கினால் கடைசி ஒரு சாண் உள்ளே போக மறுப்பது இதனால்தான். முடித்ததும் வால்வை ஒருமுறை டயருக்குள் தள்ளிவிட்டு இழுங்கள். பீடுக்கு அடியில் சிக்கிய டியூப் விடுபட்டுவிடும்.

சைடுவாலில் பீடை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் ஓடும். பாதிக் காற்றில் நிறுத்தி, அந்தக் கோடு ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே பதுங்கினால் பீடு மேடையில் ஏறவில்லை. காற்றை இறக்கி, அங்கே சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி அடியுங்கள். ஓரிடத்தில் வெளியே பிதுங்கினால் உடனே காற்றை இறக்குங்கள். பீடு விளிம்பைத் தாண்டி வருகிறது, அடியில் டியூப் சிக்கியிருக்கலாம், தொடர்ந்தால் வெடிக்கும்.

பின்சேர்க்கை: "மாட்டிய பிறகு சக்கரம் ஆடுகிறது"

இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, போர்க்கை ஒட்டி ஒரு பேனாவைப் பிடித்துப் பாருங்கள். ரிம் நேராக ஓடி டயர் மட்டும் ஆடினால் பீடு சரியாக உட்காரவில்லை. ரிம்மே ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் விலகினால் ரிம் கோணியிருக்கிறது, ஸ்போக்ஸ் முறுக்கு பார்க்க வேண்டும். சுற்றாமல், ரிம்மைப் பிடித்து இடவலமாக ஆட்டும்போது எந்த இடத்தில் பிடித்தாலும் லொடலொடத்தால் முதலில் அச்சு நட் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இறுகியிருந்தும் ஆடினால் ஹப்பின் பேரிங்.

இன்னொன்று: 26 அங்குலம்

"26 அங்குலம்தான் வாங்கினேன், ஏறவில்லை" என்பவர்கள் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். 26 x 1.95 என்றால் விட்டம் 559. 26 x 1 3/8 என்றால் 590. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.