லண்டன் மாப்பிள்ளை அனுப்புன கிப்ட் பார்சல்: கஸ்டம்ஸ் பீஸ் கேட்டா எங்க கோட்டை விடறாங்க

தென்னாப்பிரிக்காவுல டர்பன் ஹார்பர்ல கிளியரிங் வேலை பாக்கறேன்னு தெரிஞ்சதால சொந்தக்காரங்க, கோயில்ல பாக்கறவங்க எல்லாரும் எனக்குத்தான் போன் போடுவாங்க. "அண்ணே, ஏர்போர்ட்ல ஒரு பார்சல் மாட்டிக்கிச்சு, கஸ்டம்ஸுக்கு கட்டணுமாம், கட்டலாமா?" யாரு அனுப்புனதுன்னு கேட்டா ஒரு நிமிஷம் சத்தமே வராது. அப்புறம் மெதுவா, மேட்ரிமோனியில பாத்த பையன், யூகேல இன்ஜினியர், நம்ம தமிழ் ஆளுதான், நிச்சயத்துக்கு முன்னாடி கிப்ட் அனுப்பிருக்காருன்னு கதை வரும். சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க், எங்க இருந்து போன் வந்தாலும் கதை ஒண்ணுதான், கதையில பண்ற தப்பும் ஒண்ணுதான்.

"முன்ன பின்ன தெரியாதவனுக்கு காசு அனுப்பாதீங்க"ன்னு நான் இங்க சொல்லப் போறதில்ல. காசை விட்டவங்க எல்லாருக்கும் அது தெரியும். அவங்க மனசுல அவங்க அவனுக்கு அனுப்பல, கவர்மெண்ட்டுக்கு வரி கட்டுனாங்க. ஏமாத்து வேலையே அதுதான், அதனால கஸ்டம்ஸ் பக்கத்துல இருந்து பேசறேன்.

பீஸ் கம்மியா இருக்குன்னு சந்தோஷப்படறது

எனக்கு தெரிஞ்ச ஒரு அக்கா, டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, வீட்டுக்காரர் போயி பல வருஷம் ஆச்சு. அவங்களுக்கு வந்த பார்சல் லிஸ்ட்ல தங்க செயின், வாட்ச், லேப்டாப், பெர்ஃப்யூம், மொத்தம் 60,000 ராண்ட் மதிப்புன்னு எழுதியிருந்துச்சு. "கொரியர் ஏஜெண்ட்"னு வாட்ஸப்ல வந்தவன் கேட்டது 4,850 ராண்ட். அறுபதாயிரத்துக்கு இது ஒண்ணுமில்லையேன்னு அவங்களுக்கு தோணிருக்கு.

நிஜ கணக்கு வேற. தனி ஆள் தனி ஆளுக்கு வெளிநாட்டுல இருந்து அனுப்பற கிப்ட்டுக்கு ஒரு சலுகை இருக்கு, ஒரு பார்சல் 1,400 ராண்டுக்கு மேல போகக்கூடாது, வருஷத்துக்கு ரெண்டு பார்சல்தான். அதைத் தாண்டுனா வரி உண்டு. வாட் எப்படி போடுவாங்கன்னா, சாமான் மதிப்போட 10 பர்சண்ட் சேப்பாங்க, டியூட்டி இருந்தா அதையும் சேப்பாங்க, அந்த மொத்தத்துக்கு 15 பர்சண்ட். டியூட்டி ஒரு சென்ட் கூட இல்லன்னு வச்சுக்கிட்டாலே 60,000 பிளஸ் 6,000, அதாவது 66,000, அதுக்கு 15 பர்சண்ட்னா 9,900 ராண்ட். நிஜமாவே அந்த பார்சல் வந்திருந்தா இங்கத்த வரித்துறை, அதாவது சார்ஸ், இவன் கேட்டதுக்கு டபுளுக்கு மேல கேட்டிருக்கும்! இவன் கேட்ட தொகை எந்த கணக்குலயும் வராது, ரெண்டு மாசம் பேசி பென்ஷன் எவ்வளவுன்னு விசாரிச்சு, இந்த அக்கா யாரையும் கேக்காம எவ்வளவு கட்டுவாங்கன்னு பாத்து வச்ச தொகை அது.

கட்டற இடத்தையும் பாருங்க. இங்க எல்லா பெரிய பேங்க்லயும் சார்ஸ் பேரு பெனிஃபிஷியரி லிஸ்ட்ல ஏற்கனவே இருக்கும், அக்கவுண்ட் நம்பரே அடிக்க வேண்டியதில்ல. கொரியர் கம்பெனி உங்களுக்காக வரியை முன்னாடியே கட்டி வாங்குனா கம்பெனி பேர்ல இன்வாய்ஸ் குடுப்பாங்க, கம்பெனி அக்கவுண்ட்டுக்கு கட்டுவீங்க. இந்த அக்காவுக்கு வந்தது ஒரு பொம்பளையோட சொந்த சேவிங்ஸ் அக்கவுண்ட். ஏன்னு கேட்டிருக்காங்க, "அவங்கதான் எங்க கிளியரிங் ஆஃபிசர்"னு பதில் வந்துச்சாம். கஸ்டம்ஸ் ஆஃபிசரோ கிளியரிங் கிளார்க்கோ தன்னோட சொந்த அக்கவுண்ட்ல வரிப்பணம் வாங்கறது நான் இத்தனை வருஷத்துல பாத்ததே இல்ல, வாங்குனா அன்னைக்கே வேலை போயிரும்.

ரெண்டாவது பில்

எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வர்ற இடம் இதுதான், இங்கதான் வீடு காலியாகும். முதல் 4,850 போனா போகுது, அது தூண்டில். பில் கட்டி மறுநாள் ஏஜெண்ட் பதறிப்போய் போன் பண்ணுவான், மேடம் பார்சலை ஸ்கேன் பண்ணோம், உள்ள லேப்டாப் பாக்ஸ்ல 40,000 பவுண்ட் கேஷ் இருக்கு, நீங்க டிக்ளேர் பண்ணல, இது மணி லாண்டரிங் கேஸ், பார்சல் உங்க பேர்ல இருக்கு. உடனே மாப்பிள்ளைகிட்ட இருந்தும் மெசேஜ் வரும், ஆமா செல்லம், வீடு வாங்க வச்சிருந்த காசை சர்ப்ரைஸா வச்சேன், மன்னிச்சுக்கோ, நீ இதை மட்டும் கிளியர் பண்ணிடு, பாக்ஸ்ல இருந்தே எடுத்துக்கோ.

இந்த ஒரு நிமிஷத்துல என்ன நடக்குதுன்னு கவனிங்க. நேத்து வரைக்கும் அந்த அக்கா கிப்ட் வாங்கற பொண்ணு, இன்னைக்கு குத்தவாளி. அதனாலதான் அவங்க போலீசுக்கும் போகல, மகன்கிட்டயும் சொல்லல, எனக்கும் அன்னைக்கு போன் பண்ணல. போலீஸ்னா தன்னைத்தான் பிடிக்கும்னு நம்பிட்டாங்க. "ஆன்ட்டி மணி லாண்டரிங் சர்டிபிகேட்"னு 27,500 ராண்ட் கட்டுனாங்க, வட்ட சீல், சிங்க முத்திரை எல்லாம் போட்டு பிடிஎஃப் வந்துச்சு. நாலு நாள் கழிச்சு "இன்சூரன்ஸ் பாண்ட்" 68,000, அதுக்கு லோன். கடைசியா "டெலிவரி வேன்" பாதி வழியில ரோட் பிளாக்ல மாட்டிக்கிச்சுன்னு இன்னொரு பில், அப்பதான் எனக்கு போன்.

இதுல ஒண்ணொண்ணா பிரிச்சு பாத்தா ஒண்ணு கூட நிக்காது. பவுண்ட் நோட்டுக்கு இம்போர்ட் டியூட்டின்னு ஒண்ணு இல்ல. பெரிய கொரியர் கம்பெனிங்க அனுப்பக்கூடாத பொருள் லிஸ்ட்ல கேஷ் இருக்கும். மணி லாண்டரிங் இல்லன்னு காசு வாங்கிட்டு சர்டிபிகேட் குடுக்கற ஆபீஸ் இந்த நாட்டுல எங்கயும் இல்ல, அந்த விஷயத்தை பாக்கற ஃபைனான்ஷியல் இன்டலிஜென்ஸ் சென்டர் தன் பேரை வச்சு இப்படி ஏமாத்தறாங்கன்னு அவங்களே எச்சரிச்சிருக்காங்க. நிஜமாவே டிக்ளேர் பண்ணாத காசு சிக்குனா 1964 கஸ்டம்ஸ் சட்டத்துல பிடிச்சு வைக்க அதிகாரம் இருக்கு, எழுத்துல நோட்டீஸ் வரும், பேரம் பேச வாட்ஸப்ல யாரும் வர மாட்டாங்க.

இதை கண்டுபிடிக்க நான் எல்லாருக்கும் சொல்றது ஒரே ஒரு வாக்கியம். ஏஜெண்ட்கிட்ட "எனக்கு அந்த பார்சல் வேண்டாம், நான் ஆர்டர் பண்ணல, அனுப்புனவருக்கே திருப்பி அனுப்பிடுங்க"ன்னு எழுதி அனுப்புங்க. நிஜ கொரியர்ல இது தினமும் நடக்கற சமாச்சாரம், வாங்கறவர் மறுத்துட்டாருன்னு குறிச்சு திருப்பிடுவாங்க, யாருக்கும் கோவம் வராது. இந்த ஆளுங்க மட்டும்தான் கத்துவாங்க, அரெஸ்ட் வாரண்ட்டும்பாங்க, அஞ்சு நிமிஷத்துல மாப்பிள்ளை அழுதுகிட்டே வாய்ஸ் நோட் போடுவான். லண்டன்ல இருக்கற மாப்பிள்ளைக்கு ஜோபர்க் ஏஜெண்ட்கிட்ட நீங்க சொன்னது அஞ்சு நிமிஷத்துல எப்படி தெரிஞ்சுதுன்னு யோசிங்க, ரெண்டு போனும் ஒரே ஆள் கையில இருக்கலாம், இல்ல ஒரே ரூம்ல.

ஏற்கனவே 4,850 கட்டியாச்சு, இப்ப விட்டா அது வீணாயிடுமேன்னு ரெண்டாவது பில்லை கட்டாதீங்க. அந்த காசு கட்டுன நிமிஷமே போயாச்சு, ரெண்டாவது பில் அதை திருப்பிக் கொண்டு வராது.

அவன் குடுத்த லிங்க்லயே செக் பண்றது

"இல்லண்ணே, ட்ராக்கிங்ல போட்டுப் பாத்தேன், ஏர்போர்ட்ல இருக்குன்னு காட்டுது"ன்னு சொல்லாத ஆளே கிடையாது. எந்த சைட்லன்னு கேட்டா அவன் அனுப்புன லிங்க். அந்த சைட்டும் அவனோடதுதான், அவன் டைப் பண்ணதைத்தான் அது காட்டும். தபால்ல வர்ற இன்டர்நேஷனல் பார்சலுக்கு ரெண்டு எழுத்து, ஒன்பது நம்பர், கடைசியில அனுப்புற நாட்டோட ரெண்டு எழுத்துன்னு மொத்தம் 13 இருக்கும், யூகேன்னா GBன்னு முடியும். அந்த நம்பரை இங்கத்த போஸ்ட் ஆபீஸ் சைட்ல நீங்களே போய் போட்டுப் பாக்கலாம். பேர் தெரிஞ்ச கொரியர்னு சொன்னா அவங்க சைட்டை நீங்களா தேடிப் போய் அங்க இருக்கற நம்பருக்கு போன் பண்ணுங்க. பேரே கேள்விப்படாத கொரியர்னா, ஒரு சைட் எப்ப ரிஜிஸ்டர் ஆச்சுன்னு காட்டற whoisல அந்த சைட் பேரை போடுங்க, "முப்பது வருஷ அனுபவம்"னு போட்டிருக்கற கம்பெனியோட சைட் போன மாசம் ரிஜிஸ்டர் ஆனதா இருக்கும். சார்ஸ் பேர்ல லெட்டர் வந்திருந்தா sars.gov.za சைட்ல மோசடி லெட்டர், மெயில் மாதிரிகளை போட்டு வச்சிருக்காங்க, போய் ஒப்பிட்டுப் பாருங்க.

வீடியோ கால்

வீடியோ கால்ல வரச் சொன்னா இப்ப கப்பல்ல இருக்கேன், நெட் இல்லன்னு சொல்ற மாப்பிள்ளைக்கு முப்பது போட்டோ அனுப்ப மட்டும் நெட் இருக்கு.

பார்சல் போட்டோவுல உங்க பேரு ஒட்டியிருக்குன்னு நம்பறது

பிரிண்டர் எல்லா ஊர்லயும் இருக்கு.

கட்டிட்டு வெக்கப்பட்டு உக்காந்திருக்கறது

சாதாரண இஎஃப்டியா வேற பேங்க்குக்கு அனுப்பியிருந்தா போய் சேர நேரம் ஆகும், அதுக்குள்ள நிறுத்த ஒரு வாய்ப்பு உண்டு. இமீடியட் பேமெண்ட்டோ பேஷாப்போ பண்ணியிருந்தா அந்தப் பக்கம் நிமிஷத்துல ஏறிடும், ஏடிஎம்ல எடுக்க ஆள் ரெடியா நிப்பான். ஏஜெண்ட் எப்பவுமே "இமீடியட் போடுங்க மேடம், வேன் வெயிட்டிங்"னு அவசரப்படுத்தறது இதுக்குத்தான். அதனால முதல் போன் உங்க பேங்க்கோட ஃப்ராட் லைனுக்கு, பேங்க் கார்டு பின்னாடி இருக்கற நம்பர். அவங்க காசு போய் சேந்த பேங்க்கை உடனே தொடர்பு பண்ணி மிச்சம் இருக்கறதை நிறுத்தி வைக்க கேப்பாங்க. அப்புறம் போலீஸ் ஸ்டேஷன்ல கேஸ் குடுத்து கேஸ் நம்பர் வாங்குங்க, பேங்க் அதை கேக்கும். சாட்டை டெலீட் பண்ணாதீங்க, கோவத்துல அவனைத் திட்டி உஷார் பண்ணவும் வேண்டாம். ஐடி காப்பி அனுப்பியிருந்தா சதர்ன் ஆப்பிரிக்கன் ஃப்ராட் பிரிவென்ஷன் சர்வீஸ்ல உங்க பேரை பாதுகாப்பு லிஸ்ட்ல ஏத்துங்க, காசு கிடையாது, உங்க பேர்ல எவனாவது லோன் கேட்டா கடன் குடுக்கறவங்களுக்கு எச்சரிக்கை காட்டும்.

மேட்ரிமோனி சைட்லயும் அந்த ப்ரொஃபைலை ரிப்போர்ட் பண்ணுங்க. அக்கா ரிப்போர்ட் பண்ண மாட்டேன்னு அடம் பிடிச்சாங்க, என் பேரு வெளிய வந்துடும்பான்னு. அவங்க மக பேசி சம்மதிக்க வச்சப்ப அந்த ப்ரொஃபைல் இன்னும் அங்கதான் இருந்துச்சு, அதே போட்டோ, வேலை மட்டும் டாக்டர்னு மாறியிருந்துச்சு.

பணத்தை மீட்டுத் தர்றேன்னு வர்றவன்

அவனும் முன்பணம் கேப்பான். உங்க நம்பரை அந்த பழைய கும்பல்தான் குடுத்திருக்கும், பிளாக் பண்ணிடுங்க.